அமெரிக்க இமிக்ரேஷன் கவுன்டர்: “எதற்கு வந்தீர்கள்? எத்தனை நாள் இருப்பீர்கள்?” – முதல்முறை போகும் பெற்றோருக்கான கேள்வி பதில்

பி1/பி2 விசாவில் மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகும் அம்மா அப்பாக்களுக்காக எழுதியது இது. கவுன்டரில் பேசப்படும் ஆங்கிலத்தை, காதில் விழுகிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். வாய்விட்டு நாலைந்து முறை படித்துப் பழகுங்கள்.

“விசாதான் பத்து வருஷத்துக்குக் கொடுத்துட்டாங்களே, அப்புறம் கவுன்டர்ல எதுக்கு மறுபடியும் கேள்வி?”

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, வாசல் வரை வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதிதான். அதில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதியும் தட்டுவதற்கான கடைசித் தேதியே. தங்குவதற்கான கெடு அல்ல. உள்ளே விடுவதா, விட்டால் எந்தத் தேதி வரை என்பதை முடிவு செய்பவர் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் சிபிபி அதிகாரி. சிபிபி என்பது அமெரிக்காவின் சுங்க, எல்லைக் காவல் துறை. அந்த முடிவுக்கு அவருக்குத் தெரிய வேண்டியவை முக்கியமாக இரண்டு: எதற்கு வந்தீர்கள், எப்போது திரும்புவீர்கள். மற்றக் கேள்விகள் எல்லாம் இந்த இரண்டையும் சரிபார்ப்பதற்காகக் கேட்கப்படுபவை.

இந்தக் கவுன்டர் நீங்கள் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் இருக்கும், கடைசியாகப் போய்ச் சேரும் ஊரில் அல்ல. ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக சிகாகோ போய் அங்கிருந்து இன்னொரு விமானத்தில் டல்லஸ் போகிறீர்கள் என்றால், கேள்வி சிகாகோவில்தான். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே கவுன்டர் வைத்திருக்கிறார்கள். அபுதாபியில் விமானம் ஏறும் முன்பே கேள்வி முடிந்துவிடும். அமெரிக்காவில் இறங்கியதும் உள்நாட்டுப் பயணி போல நேரே வெளியே வந்துவிடலாம். “இங்கேயே ஏன் கேட்கிறார்கள்” என்று அபுதாபியில் குழம்பிப் போகிறவர்கள் நிறைய.

“அந்த ரெண்டு கேள்வியும் காதுல எப்படி விழும்?”

புத்தகத்தில் இருக்கிற மாதிரி “வாட் இஸ் தி பர்ப்பஸ் ஆஃப் யுவர் விசிட்?” என்று நிறுத்தி நிதானமாகக் கேட்கிற அதிகாரிகளும் உண்டு. ஆனால் பலர் அதையே வேறு சொற்களில் வேகமாகக் கேட்பார்கள்: “வாட் பிரிங்ஸ் யூ ஹியர்?”, “ஒய் ஆர் யூ ஹியர் டுடே?”, “ஹூ ஆர் யூ விசிட்டிங்?” மூன்றுக்கும் ஒரே பதில் போதும்: “டு விசிட் மை டாட்டர்” – என் மகளைப் பார்க்க.

எத்தனை நாள் என்பதும் அப்படித்தான். “ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங்?”, “ஹவ் லாங் வில் யூ பி ஹியர்?”, “வென் ஆர் யூ கோயிங் பேக்?” முதல் இரண்டுக்கு மாதக் கணக்கு, மூன்றாவதற்குத் தேதி. இரண்டையும் சேர்த்தே ஒரு வாக்கியமாக வைத்துக்கொண்டால் எப்படிக் கேட்டாலும் பொருந்தும்.

வாக்கியம் முழுவதும் புரிய வேண்டும் என்று முயலாதீர்கள். முதல் சொல்லைப் பிடியுங்கள். “ஒய்”, “வாட் பிரிங்ஸ்” என்று தொடங்கினால் காரணம். “ஹவ் லாங்” என்றால் காலம். “வென்” என்றால் தேதி. “வேர்” என்றால் இடம், “வேர் ஆர் யூ ஸ்டேயிங்?” என்பதும் “ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங்?” என்பதும் கடைசியில் ஒரே மாதிரி முடிவதால், வாலை மட்டும் கேட்டு முகவரிக்குப் பதில் மாதத்தைச் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

“முழு உரையாடல் ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்.”

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா தனியாகப் போகிறார். மகள் இருப்பது நியூ ஜெர்சியில். மே 10 அன்று நியூவார்க் விமான நிலையத்தில் இறங்குகிறார். திரும்பும் டிக்கெட் செப்டம்பர் 20.

அதிகாரி: குட் ஆஃப்டர்நூன். பாஸ்போர்ட் ப்ளீஸ்.
அம்மா: குட் ஆஃப்டர்நூன், ஆபீசர். (பாஸ்போர்ட்டை மட்டும் கொடுக்கிறார்.)

அதிகாரி: வாட் பிரிங்ஸ் யூ டு தி யுனைடெட் ஸ்டேட்ஸ்?
அம்மா: டு விசிட் மை டாட்டர். – என் மகளைப் பார்க்க.

அதிகாரி: வேர் டஸ் ஷி லிவ்? – அவர் எங்கே வசிக்கிறார்?
அம்மா: எடிசன், நியூ ஜெர்சி. திஸ் இஸ் த அட்ரஸ். (தாளைக் காட்டுகிறார்.)

அதிகாரி: வாட் டஸ் ஷி டூ? – அவர் என்ன வேலை செய்கிறார்?
அம்மா: ஷி இஸ் எ சாஃப்ட்வேர் இன்ஜினியர்.

அதிகாரி: ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங்?
அம்மா: ஃபோர் மன்த்ஸ். ஐ கோ பேக் ஆன் செப்டம்பர் ட்வென்டி. – நான்கு மாதம். செப்டம்பர் 20 திரும்புகிறேன்.

அதிகாரி: டு யூ ஹாவ் எ ரிட்டர்ன் டிக்கெட்?
அம்மா: யெஸ். (அச்செடுத்த டிக்கெட்டைக் கொடுக்கிறார்.)

அதிகாரி: இஸ் திஸ் யுவர் ஃபர்ஸ்ட் டைம் ஹியர்?
அம்மா: யெஸ், ஃபர்ஸ்ட் டைம்.

அதிகாரி: எனி ஃபுட் வித் யூ? – சாப்பாட்டுப் பொருள் ஏதாவது?
அம்மா: யெஸ். ஸ்வீட்ஸ், பிக்கிள், மசாலா பவுடர்.

அதிகாரி: ரைட் ஹேண்ட், ஃபோர் ஃபிங்கர்ஸ். நவ் தி தம்ப். லுக் அட் தி கேமரா. – வலது கை, நான்கு விரல். இப்போது கட்டைவிரல். கேமராவைப் பாருங்கள்.

அதிகாரி: ஓகே. என்ஜாய் யுவர் விசிட்.
அம்மா: தேங்க் யூ.

எல்லாம் சில நிமிடங்களில் முடிகிற விஷயம். அம்மாவின் பதில்களில் இலக்கணம் அங்கங்கே இடறுகிறது. அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், நாலு மாதம் என்றவர் தேதியையும் சொன்னார், அந்தத் தேதியே டிக்கெட்டிலும் இருந்தது. அதிகாரி பார்ப்பது அந்தப் பொருத்தத்தை.

முகவரித் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. கவுன்டர் பகுதியில் செல்போன் பயன்படுத்தக் கூடாது என்று பலகையே வைத்திருப்பார்கள். ஆகவே “நம்பர் போன்ல இருக்கு” என்பது உதவாது. மகளின் பாஸ்போர்ட் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், திரும்பும் தேதி நான்கையும் பெரிய ஆங்கில எழுத்தில் ஒரே தாளில் எழுதி, கைப்பையில் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். பெட்டியில் போட்டுவிட்டால் அது பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் கவுன்டரில் நிற்பீர்கள்.

“‘பிசினஸ் ஆர் ப்ளெஷர்?’னு கேட்டா? எங்க வீட்டுக்காரர் ஜவுளிக்கடை வெச்சிருக்கார், பிசினஸ்னுதானே சொல்லணும்?”

அங்கே கேட்பது அவர் தொழிலை அல்ல, இந்தப் பயணம் எதற்கு என்பதை. “பிசினஸ்” என்று சொன்னால் வியாபாரக் கூட்டத்துக்கோ கொள்முதலுக்கோ வந்திருப்பதாக அர்த்தமாகும். எந்த கம்பெனி, யாரைச் சந்திக்கிறீர்கள் என்று கேள்வி நீளும். சொந்தக்காரர்களைப் பார்க்கவும் ஊர் சுற்றவும் போவதெல்லாம் “ப்ளெஷர்” கணக்கில்தான் வரும். “ப்ளெஷர். விசிட்டிங் மை சன்” என்றால் முடிந்தது. கடை பற்றிய பதில் வேறொரு கேள்விக்கு: “வாட் டு யூ டூ?” அதற்கு “ஐ ஹாவ் எ டெக்ஸ்டைல் ஷாப் இன் இண்டியா” என்று சொல்லலாம். ஓய்வு பெற்றவர் என்றால் “ரிட்டையர்ட்” என்ற ஒரு சொல் போதும்.

“மகளுக்குப் பிரசவம். குழந்தையைப் பார்த்துக்கத்தான் போறேன். அதை அப்படியே சொல்லலாமா?”

உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் சரியான சொல்லில். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. “பேபி சிட்டிங்”, “பேபி கேர்”, “ஹெல்ப்பர்” போன்ற சொற்கள் அமெரிக்கக் காதில் சம்பளத்துக்குச் செய்யும் வேலைகளின் பெயர்கள். மகள் வீட்டில் பேரனைத் தூக்கி வைத்துக்கொள்ளப் போகும் பாட்டி “ஐ கேம் ஃபார் பேபி கேர் ஜாப்” என்றால், தான் சொல்ல நினைத்ததற்கு நேர்மாறானதைச் சொல்லிவிடுகிறார்.

“டெலிவரி” என்ற சொல்லும் அங்கே தடுக்கும். நம்மூரில் டெலிவரி என்றால் பிரசவம் என்று எல்லோருக்கும் புரியும். அங்கே “ஐ கேம் ஃபார் டெலிவரி” என்று மொட்டையாகச் சொன்னால் பார்சல் கொண்டுவந்தது போலக் கேட்கும். இல்லாவிட்டால் பிரசவம் உங்களுக்கா என்று விழிப்பார்கள். இப்படிச் சொல்லுங்கள்: “டு விசிட் மை டாட்டர். ஷி இஸ் ஹாவிங் எ பேபி இன் ஜூன். ஐ வான்ட் டு பி வித் ஹெர்.” மகளைப் பார்க்க வந்தேன், ஜூனில் அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, கூட இருக்க விரும்புகிறேன்.

“குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? உங்களுக்குப் பணம் தருகிறார்களா?” என்று நேராகக் கேட்டால் மறைக்க வேண்டாம். “ஐ ஆம் த கிராண்ட்மதர். நோ மணி, நோ ஜாப்.” பிரசவத்தையே மறைத்து “டூரிசம், நயாகரா” என்று சொல்லச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்தான யோசனை. சந்தேகம் வந்து மகளுக்கு ஃபோன் போட்டால் இரண்டு பதில் வரும். பிரசவத்துக்கு வருவது குற்றம் இல்லை. அதிகாரியிடம் பொய் சொல்லி நுழைய முயல்வதோ, அமெரிக்கச் சட்டப்படி பின்னாளில் எந்த விசாவும் கிடைக்காமல் போகக்கூடிய அளவுக்குப் பெரிய விஷயம்.

இதே வகையில் இன்னும் சில சொற்கள் உண்டு. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் “மேரேஜ்” என்பதைவிட “வெட்டிங்” என்பது நல்லது. “ஐ கேம் ஃபார் மேரேஜ்” என்றால் உங்களுக்கே கல்யாணம் என்று எடுத்துக்கொள்ளலாம். கிரகப்பிரவேசம் “ஹவுஸ்வார்மிங்”. சகலையை “கோ-பிரதர்” என்றால் அங்கே யாருக்கும் புரியாது, “பிரதர்-இன்-லா” போதும். 

“டிக்கெட் நாலு மாசத்துக்குத்தான். ஆனா ஆறு மாசம்னு சொன்னாத்தான் ஆறு மாசம் கொடுப்பாங்களாமே?”

அந்தப் பயம் தேவையில்லை. பி2 வகையில் அனுமதிக்கப்படுகிறவருக்கு, அவர் குறைவாகக் கேட்டாலும் பொதுவாக ஆறு மாதம் தர வேண்டும் என்பதே அமெரிக்க விதி. நீங்கள் நாலு மாதம் என்றாலும் பெரும்பாலும் ஆறு மாதம்தான் பதிவாகும். மேலே சொன்ன தஞ்சாவூர் அம்மாவுக்கு நவம்பர் 9 வரை கிடைக்கும். செப்டம்பரில் அவர் திரும்புவதை அது எந்த விதத்திலும் பாதிக்காது.

மாறாக, டிக்கெட்டில் நாலு மாதம் இருக்க “சிக்ஸ் மன்த்ஸ்” என்றால், ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வி வரும். “ஐ டோன்ட் நோ, மை சன் நோஸ்” என்பது அதைவிட மோசம். எப்போது திரும்புவோம் என்றே தெரியாதவர் திரும்பாமலே இருந்துவிடுவாரோ என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

தேதியைச் சொல்லும்போது மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் பிறகு. நாம் 5/9 என்று எழுதினால் செப்டம்பர் 5. அவர்களுக்கு அது மே 9. எண்களில் “தர்ட்டீன்–தர்ட்டி”, “ஃபிஃப்டீன்–ஃபிஃப்டி” இரண்டும் குழப்பும். விரலைக் காட்டுவதோ தாளைக் காட்டுவதோ கௌரவக் குறைச்சல் இல்லை.

பாஸ்போர்ட்டையும் ஒருமுறை பாருங்கள். அது ஆறு மாதத்துக்குள் காலாவதியாகிறது என்றால், பாஸ்போர்ட் முடியும் தேதியோடு அனுமதியையும் நிறுத்திவிடலாம். புறப்படும் முன்பே புதுப்பித்துவிடுவது உத்தமம்.

“எங்கம்மா எல்லாத்துக்கும் ‘யெஸ், யெஸ்’னு தலையாட்டுவாங்க. அதுல ஏதாவது பிரச்சினை வருமா?”

வரும். ஒன்று, நம் தலையாட்டல் அவர்களுக்கு ஆமாமா இல்லையா என்று தெரியாது. வாயால் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. “நீங்க இறைச்சி ஒண்ணும் கொண்டு வரலையே?” என்று தமிழில் கேட்டால் “ஆமா, கொண்டு வரல” என்போம். அந்த ஆமா, கேட்டவர் சொன்னது சரி என்கிறது. ஆங்கிலத்தில் “யூ ஆர் நாட் கேரியிங் எனி மீட்?” என்று கேட்கும்போது “யெஸ்” என்றால், கொண்டு வந்திருக்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். “யூ ஆர் நாட் கோயிங் டு ஒர்க் ஹியர்?” என்பதற்கு அம்மா “யெஸ்” என்றால் வேலை செய்யப் போகிறேன் என்றாகிவிடும். வழி எளிது: ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் பொருளையும் சேர்த்துச் சொல்லட்டும். “நோ மீட்.” “நோ ஒர்க்.” அப்போது எந்தக் கேள்விக்கும் அர்த்தம் மாறாது.

புரியாத கேள்விக்கு யெஸ் சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது வேண்டுமென்றே புரியாத கேள்வி ஒன்றைக் கேட்டு, அம்மா யெஸ் சொல்லாமல் இருக்கிறாரா என்று பாருங்கள்.

“சரி, புரியலைன்னா என்ன சொல்றது?”

“சாரி, ஸ்லோலி ப்ளீஸ்” – மெதுவாக. இரண்டாம் முறையும் புரியாவிட்டால் “ஐ ஸ்பீக் தமிழ். தமிழ் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்.” தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கும் வசதி அதிகாரிகளிடம் உண்டு. அதற்கு நேரம் ஆகலாம், ஆகட்டும். “தமிழ்” என்பது அவர் காதில் பிடிபடவில்லை என்றால் தாளில் எழுதிக் காட்டுங்கள். அவசரப்பட்டு “இந்தி ஓகே” என்று சொல்லிவிட்டு இந்தியிலும் தடுமாற வேண்டாம்.

சக்கர நாற்காலி கேட்டிருந்தால் தள்ளிவரும் உதவியாளர் பக்கத்தில் இருப்பார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது. அவர் உங்களுக்காகப் பதில் சொல்லவும் கூடாது.

“எங்க பேருக்கும் பொண்ணு பேருக்கும் சம்பந்தமே இல்ல. சந்தேகப்படுவாங்களா?”

நம் பெயரமைப்பு அவர்களுக்குப் புதிர்தான். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரிடத்தில் தாத்தா பெயர், அம்மாவுக்குக் கணவர் பெயர், மகளுக்கு மாப்பிள்ளை பெயர் என்று ஒரே குடும்பத்தில் மூன்று இருக்கும். கேட்டால் உறவைச் சொல்லுங்கள்: “ஷி இஸ் மை டாட்டர். தட் இஸ் ஹெர் ஹஸ்பண்ட்ஸ் நேம்.” கணவனும் மனைவியும் சேர்ந்து போனால், “ஹி இஸ் மை ஹஸ்பண்ட்” என்று சொல்லி ஒன்றாகவே கவுன்டருக்குப் போகலாம்.

மகளின் பெயரைக் கேட்டால் பாஸ்போர்ட் பெயரையே சொல்லுங்கள். வீட்டில் “பாப்பா” என்றோ “குட்டி” என்றோ கூப்பிட்டே பழகியதால் அந்த நேரத்தில் வாயில் அதுதான் வரும்.

“தனி அறைக்குக் கூட்டிட்டுப் போனா திருப்பி அனுப்பிடுவாங்களா?”

பெரும்பாலும் இல்லை. அது கூடுதல் விசாரணைக்கான இடம், கைது அல்ல. கைரேகை சரியாக விழாதது, அதே பெயரில் வேறொருவர் பதிவில் இருப்பது, போன முறை நீண்ட காலம் தங்கியது, பதில்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாதது போன்றவை வழக்கமான காரணங்கள். வயல் வேலையும் பாத்திரம் தேய்ப்பதும் செய்து ரேகை தேய்ந்த கைகளை இயந்திரம் படிக்கத் திணறும்.

அங்கேயும் அதே இரண்டு கேள்விதான், இன்னும் விரிவாக. கவுன்டரில் சொன்ன அதே பதிலைச் சொல்லுங்கள். மகளுக்கே ஃபோன் செய்து கேட்பதும் உண்டு. விமானம் இறங்கிய பிறகு அவர் ஃபோனை எடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். முன்பு எப்போது வந்தீர்கள் என்றால் சரியான மாதத்தைச் சொல்லுங்கள், அது அதிகாரியின் திரையில் இருக்கிறது. அடுத்த விமானம் பிடிக்க வேண்டுமானால் நடுவே குறைந்தது மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுவது இதற்காகவும்தான்.

“ஊறுகாய், முறுக்கு எல்லாம் இருக்கு. ‘நோ ஃபுட்’னு சொல்லிட்டா சீக்கிரம் விட்டுடுவாங்கல்ல?”

சொல்லாதீர்கள். ஊறுகாய், முறுக்கு, இனிப்பு, பொடி வகைகள் பொதுவாகப் பிரச்சினை இல்லை. கொண்டுவந்ததைச் சொல்லாமல் விட்டால்தான் அபராதம். இறைச்சி, பச்சைக் காய்கறி, பழம் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை கண்டிப்பாக வேண்டாம்: எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

“பாஸ்போர்ட்ல முத்திரையே குத்தல. எத்தனை நாள் கொடுத்திருக்காங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

பல விமான நிலையங்களில் இப்போது முத்திரை குத்துவதில்லை. பதிவு ஐ-94 என்ற பெயரில் கணினியில் ஏறிவிடுகிறது. வீட்டுக்குப் போனதும், இரண்டொரு நாளில், மகளை i94.cbp.dhs.gov தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நாடு கொடுத்தால் பக்கம் திறக்கும். அதில் `Admit Until Date` என்று இருப்பதுதான் உங்கள் கெடு. `Class of Admission` என்ற இடத்தில் `B2` இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயரே இல்லாத பாஸ்போர்ட் என்றால் பதிவு கிடைக்காமல் போவது வழக்கம். விசாவில் உங்கள் பெயர் முழுவதும் `Surname` இடத்திலும், `Given Name` இடத்தில் முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் `FNU` என்றும் அச்சாகியிருக்கும். தேடும்போதும் அப்படியே `FNU` என்று போட்டுப் பாருங்கள். கெடுவோ வகையோ தவறாக இருந்தால், விமான நிலையங்களில் உள்ள சிபிபி திருத்த அலுவலகத்தில் உடனே சொல்ல வேண்டும். கிளம்பும் நேரம் வரை வைத்திருக்காதீர்கள்.

அந்தத் தேதியை ஒரு நாள் தாண்டினாலும் இப்போதைய விசா செல்லாததாகிவிடும், பத்து வருஷத்தில் இன்னும் எட்டு வருஷம் மிச்சம் இருந்தாலும். உடல்நலக் குறைவு போன்ற காரணத்தால் கூடுதலாக இருக்க வேண்டி வந்தால், தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 விண்ணப்பத்தைக் கெடு முடிவதற்குள் போட்டுவிட வேண்டும், குறைந்தது 45 நாளைக்கு முன்பே போடுவது நல்லது.